நவக்கிரக டூர் பஸ்ல உங்க சீட்ல வேற ஒருத்தர்... தப்பு எங்கே நடக்குது?

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் கிளம்பி, விடியும்போது கும்பகோணம் போய்ச் சேரும் நவக்கிரக டூர். எங்க அம்மா தாம்பரத்தில் ஏறினாங்க. முழங்கால் வலி என்பதால் நடைபாதை ஓரமா 7-ம் நம்பர் சீட் கேட்டு வாங்கியிருந்தாங்க. பஸ்ல ஏறிப் பார்த்தா, கோயம்பேட்டில் ஏறிய ஒருத்தர் அதுல தூங்கிட்டு இருக்கார். எழுப்பினா அவரும் மொபைலைக் காட்டுறார். அதிலும் 7 தான். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை!

எப்படி? வாட்ஸ்அப் குரூப்பில் பணம் கட்டியவர்கள் பெயரை 1, 2, 3 என்று வரிசையா போட்டிருந்தாங்க. அந்த வரிசை எண்ணையே சீட் நம்பரா எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. நடுவில் 3-வது ஆள் கேன்சல் பண்ண, அந்த வரியை அழிச்சுட்டு லிஸ்ட்டைத் திரும்பப் போட்டாங்க. கீழே இருந்த எல்லாரும் ஒரு படி மேலே வந்துட்டாங்க. 8-ல் இருந்த அம்மா 7 ஆனாங்க, 7-ல் இருந்தவர் 6 ஆனார். அவர்கிட்ட இருந்தது பழைய ஸ்கிரீன்ஷாட்.

வரிசை எண் என்பது பணம் கட்டிய கணக்கு. சீட் நம்பர் என்பது பஸ்ஸில் இருக்கும் இடம். ரெண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதணும். யாராவது கேன்சல் பண்ணினா பெயரை மட்டும் எடுத்துட்டு, '3 - காலி' என்று விட்டுடணும். புதுசா வருபவருக்கு அந்த 3-ஐக் கொடுக்கலாம். மத்தவங்க நம்பர் அசையக் கூடாது.

ஏறும் இடத்துக்குத் தனி லிஸ்ட்

சீட் லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு ராத்திரி ரோட்டோரத்தில் ஆள் தேட முடியாது. கைடுக்கு பஸ் போகும் வரிசையில் இன்னொரு லிஸ்ட் வேணும். உதாரணத்துக்கு 45 சீட் பஸ்ஸில் 42 பேர். கோயம்பேட்டில் 14, வடபழனியில் 6, கிண்டியில் 9, தாம்பரத்தில் 8, செங்கல்பட்டில் 5 பேர் என்று வெச்சுக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், அதுவரைக்கும் ஏறியிருக்க வேண்டிய மொத்தத்தையும் எழுதணும்: 14, 20, 29, 37, 42. கிண்டியில் கதவைச் சாத்தும்போது 28 தான் இருக்குன்னா, யாரோ விட்டுப்போயிருக்காங்கன்னு அங்கேயே தெரிஞ்சுடும். செங்கல்பட்டு போய் முழிக்க வேண்டியதில்லை.

இதுல அடிக்கடி சொதப்புவது கடைசி நேர மாற்றம். "கோயம்பேடு வரலை, ஆபீஸ்ல இருந்து நேரா கிண்டிக்கு வந்துடுறேன்" என்று ஒருத்தர் மெசேஜ் போடுவார். அப்போ கோயம்பேடு 13, கிண்டி 10 என்று ரெண்டு இடத்திலும் திருத்தணும். அதுவரைக்குமான மொத்தமும் 13, 19 என்று மாறி, கிண்டியில் திரும்ப 29-க்கு வந்துடும். ஒரு இடத்தில் மட்டும் திருத்தினா, வராத ஆளுக்காக கோயம்பேட்டில் பஸ் காத்துக் கிடக்கும்.

இடத்தின் பெயரையும் தெளிவா எழுதணும். 'செங்கல்பட்டு' என்று மட்டும் போட்டா, பஸ் புறவழிச்சாலையில் நிற்கும், ஆள் ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டில் நிற்பார். தாம்பரத்தில் ரோட்டின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்க. ஜி.எஸ்.டி. ரோட்டை ராத்திரி பெட்டியோட கடக்கிறது வயசானவங்களுக்கு விளையாட்டு இல்லை.

பஸ் மாறினா என்ன ஆகும்?

2+2 பஸ்ஸில் ஒரு வரிசைக்கு நாலு சீட். 5, 6 என்பது ரெண்டாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து சீட். கடைசி நேரத்தில் 3+2 பஸ் வந்துட்டா, 5 முதல் வரிசையோடு முடிஞ்சுடும், 6 அடுத்த வரிசைக்குப் போயிடும். ஜோடியா புக் பண்ணினவங்க பிரிஞ்சுடுவாங்க. மூணு சீட் பக்கத்தில் இருந்து எண்ணும் பஸ்ஸா இருந்தா, அம்மாவோட 7 நடு சீட். காலை நீட்டவே முடியாது. அதனால பழைய நம்பரை அப்படியே ஒட்டாம, புது பஸ்ஸோட சீட் படத்தை வாங்கி, ஜோடிகளையும் கால் வலி உள்ளவங்களையும் முதலில் உட்கார வெச்சுட்டு மத்தவங்களுக்கு நம்பர் போடணும். நம்பர் டிரைவர் பக்கம் ஆரம்பிக்குதா, படிக்கட்டுப் பக்கமா என்பதும் பஸ்ஸுக்கு பஸ் மாறும்.

"எங்கே உட்கார்ந்தா என்ன, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்று சொல்றவங்க எல்லா டூரிலும் இருப்பாங்க. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா திருநள்ளாறில் சனிக்கிழமை கூட்டத்தில், நளதீர்த்தத்தில் குளிச்சுட்டு எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பும்போது கைடு தலையை எண்ணிப் பார்த்தா, 41 என்று மட்டும்தான் தெரியும். அவங்கவங்க சீட்டில் உட்கார்ந்திருந்தா, காலி சீட்டைப் பார்த்தாலே போதும். 43, 44, 45 எப்பவும் காலி. நாலாவதா 18 காலின்னா, லிஸ்ட்டில் 18-க்கு நேரா இருக்கும் மொபைல் நம்பருக்கு உடனே போன் போடலாம்.