சீசாவில் உறைந்த தேன்

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, நாம் விற்ற தேன் சீசா ஒன்று நம் வீட்டுக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் எதிர்த்தெரு அம்மாள் ஒருவர். சீசாவின் அடிப்பாதி வெண்மையாக உறைந்து, நெய்யைப்போல் மணல் மணலாய் நின்றது. "ஸார் வீட்டுத் தேன் என்று நம்பித்தானே வாங்கினேன்? சீனி அடியில் தங்கிவிட்டதே, பாருங்கள்!" என்று அவர் சொன்னபோது, கோபத்தைவிட வருத்தமே அவர் குரலில் மிகுந்திருந்தது. திரி வைத்துக் கொளுத்திப் பார்த்ததாகவும், அது படபடவென்று வெடித்து அணைந்துவிட்டதாகவும் மேலும் கூறினார். குற்றப்பத்திரிகை இவ்வாறு பூர்த்தியாயிற்று.

அந்தத் தேனில் ஒரு சொட்டுச் சீனிப்பாகும் கலக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதை அவருக்கு எப்படி மெய்ப்பிப்பது? தேனீ வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ள எண்ணும் குடும்பத்தார் பெட்டியின் விலையையும் தேனின் அளவையும் கேட்கிறார்களேயன்றி, இந்தக் கேள்வியை முதலில் கேட்பதில்லை. இதற்கு விடை தேன் எடுத்த பிறகு கிடைப்பதன்று. மழைக்காலத்திலேயே பெட்டிக்குள் உருவாகிவிடுகிறது. ஆகவே கணக்கைத் தொடக்கத்திலிருந்தே சொல்லுகிறோம்.

கன்னியாகுமரி ஜில்லாவில் குலசேகரத்தை அடுத்து, நம் மைத்துனருக்குச் சிறு ரப்பர்த் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே ஐப்பசி மாதத்தில் பத்துப் பெட்டிகள் வைத்தோம். இப்பகுதிக்குத் தேனீப் பெட்டி புதிதன்று. 1911-ம் ஆண்டை ஒட்டித் தென்னாட்டில் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் நமது நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்துக் கிராமத்தாருக்குப் பழக்கினார். 1920-களில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகவே பரப்பினார்கள். நியூட்டன் பெட்டியில் கீழறையில் ஏழு சட்டங்கள் இருக்கும். அங்கேதான் ராணி முட்டையிடும், புழுக்கள் வளரும். மேலே வைக்கும் உயரம் குறைந்த அறை தேனுக்கு. தேன் எடுப்பவர் மேலறையிலிருந்து மட்டுமே எடுக்கவேண்டும். கீழறை தேனீக்களின் சொந்தக் களஞ்சியம்.

தேனீக் கூட்டத்தோடு பெட்டியும் அதைத் தாங்கும் கால்மரமும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ரூ. 2,400 கொடுத்தோம். தேன் சுற்றும் இயந்திரம், புகைமூட்டி, முகவலை, அடையின் மூடியைச் சீவும் கத்தி ஆகியவற்றுக்கு ரூ. 5,500. தேனிலுள்ள நீரை அளக்கும் சிறு கண்ணாடிக் கருவி ரூ. 1,500. ஆக முதலீடு ரூ. 31,000. கருவி எதற்கு என்று அப்போது வீட்டில் கேட்டார்கள். பதில் பின்னால் வருகிறது. கால்மரத்தின் நடுவே நீர்க்கிண்ணம் வைக்க மறந்த ஒரு பெட்டியில் எறும்பு ஏறிவிட்டது. இன்னொன்று வலுக்குன்றி, மெழுகு தின்னும் அந்துப்பூச்சிக்கு இரையாயிற்று. இரண்டிலிருந்தும் தேனீக்கள் கூண்டோடு பறந்துபோய்விட்டன. தை மாதத்தில் மிஞ்சியவை எட்டு.

ரப்பர் தேனைப்பற்றி நம் நேயர்கள் பலருக்குத் தெரியாத விசித்திரம் ஒன்று உண்டு. அது பூவிலிருந்து வருவதன்று! மார்கழியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தையில் செம்பு நிறத்தில் துளிர்க்கிறது. ஒவ்வோர் இலைக்காம்பின் நுனியிலும் மூன்று சிற்றிலைகள் கூடுகின்றன. அந்தக் கூடுமிடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. துளிர் இளசாயிருக்கும் சில வாரங்களுக்கு அவற்றிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. மாசி, பங்குனி மாதங்களில் தோட்டம் முழுவதும் அந்த நீர்தான். இலை முற்றியதும் வரத்து நின்றுவிடும். வருஷத்தின் தேன் வருமானம் முழுவதும் அந்த ஒன்றரை மாதத்திலேயே அடங்கிவிடுகிறது.

இங்கேதான் நமது முதல் தவறு நிகழ்ந்தது. ஆவல் மிகுதியால், மேலறை நிறைந்த ஏழாம் நாளே சட்டங்களை எடுத்துச் சுற்றிவிட்டோம். தேனீ கொண்டுவரும் இனிப்பு நீர் தேனாவதற்கு, அதில் மிகுந்துள்ள நீர் வற்றவேண்டும். வற்றிய பிறகுதான் தேனீக்கள் அறைகளை மெழுகால் மூடும். நாம் எடுத்த அடைகளில் பாதிக்குமேல் மூடப்படவில்லை. நீர் அளக்கும் கருவி நூற்றுக்கு 24 காட்டியது. நமது உணவுத் தர விதிப்படி தேனில் நீர் 20 பங்குக்கு மேற்படலாகாது. அந்த முதல் ஈட்டில் 6 கிலோவைத் தனியே வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் நுரைத்துப் புளித்து, மூடியைத் தள்ளிவிட்டது. அதை விற்காமல் கொட்டினோம். பின்னர் ஒவ்வொரு சட்டத்திலும் முக்கால் பங்கு மூடப்படும்வரை பொறுத்தே எடுத்தோம். பொறுத்தால் அளவு குறையும். ஆனால் சீசா புளிக்காது. விரைந்து எடுப்பவர்கள் அதிகம் எடுக்கிறார்கள் என்பதும் மெய்யே. அவர்களுடைய தேன் பின்னர் எங்கோ காய்ச்சி வற்றவைக்கப்படுகிறது.

விற்பனைக்குத் தகுதியாக எட்டுப் பெட்டிகளிலிருந்தும் 72 கிலோ கிடைத்தது. பெட்டிக்கு 9 கிலோ. மொத்த வியாபாரி கிலோவுக்கு ரூ. 150 கொடுத்து 42 கிலோவை எடுத்துக்கொண்டார். எஞ்சிய 30 கிலோ, தெரிந்த குடும்பங்களுக்கு ரூ. 350 விலையில் போயிற்று. ஆக வரவு ரூ. 16,800. விலையிலுள்ள இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்கவேண்டும். வியாபாரி தேனுக்கு விலை கொடுக்கிறார். குடும்பங்களோ நம்பிக்கைக்கு விலை கொடுக்கின்றன. அந்த நம்பிக்கைதான் ஆவணியில் திரும்பி வந்தது.

பங்குனி கழிந்ததும் பஞ்ச காலம். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவ மழையில் தேனீ வெளியே செல்ல இயலாது. சென்றாலும் ஒன்றும் கிடைக்காது. அப்போது உணவு கொடாவிட்டால் கூட்டம் பறந்துவிடும். வாரம் ஒரு முறை, 200 கிராம் சீனியை அதே அளவு நீரில் கரைத்து, சிரட்டையில் ஊற்றி, மூழ்காமலிருக்கச் சிறு குச்சிகளை மிதக்கவிட்டு, மாலையில் பெட்டிக்குள் வைத்தோம். பகலில் வைத்தால் அயல்கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும். பதினாறு வாரத்துக்கு எட்டுப் பெட்டிகளுக்கு ஏறக்குறைய 26 கிலோ சீனி, ரூ. 1,170. சீசாக்களுக்கும் சீட்டுகளுக்கும் ரூ. 630. இரண்டையும் கழித்தால் முதல் வருஷ மிச்சம் ரூ. 15,000. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்குக் கூலி போடவில்லை. முதலீடு திரும்ப இரண்டு வருஷம் ஆகும். அதுவும் நோய் வராமலிருந்தால். 1991, 1992-ம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் இந்த ஜில்லாவின் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்ததை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. மூடாத அறையில் புழு தலைதூக்கி மல்லாந்து, நீர் நிறைந்த பைபோல் இறந்து கிடந்தால் அதுவே அதன் அடையாளம். அத்தகைய பெட்டியின் அடையை மற்றப் பெட்டிக்கு மாற்றவே கூடாது.

'சீனி கொடுத்தீர்களா!' என்று நேயர்கள் திடுக்கிடலாம். மழைக்காலத்தில் கொடுப்பது கலப்படம் அன்று. தேனீ அதை உண்டு உயிர் வாழ்கிறது. ஆனால் ஐப்பசியில் மகரந்தமும் புதுப் பூவும் வந்ததும் நிறுத்தவேண்டும். தையில் மேலறையை வைக்கும்முன், பழைய பாகு தேங்கிய அடைகளை எடுத்துவிடவேண்டும். மேலறை இருக்கும்போது சீனி கொடுப்பவர், தேனீயைக் கொண்டே கலப்படம் செய்கிறவர். அறியாமையால் இப்படிச் செய்யும் யோக்கியமான மனிதரும் பரிசோதனையில் தோற்றுவிடுவார்.

அந்தப் பரிசோதனை எவ்வாறு நடக்கிறது? கரும்பும் மக்காச்சோளமும் கரியமில வாயுவை உட்கொள்ளும் முறை வேறு. ரப்பரும் பெரும்பாலான பூமரங்களும் உட்கொள்ளும் முறை வேறு. அதனால் கரும்புச் சர்க்கரையில் எடை கூடிய கார்பன் அணுக்களின் விகிதம் சற்று அதிகம். ஆய்வுக்கூடத்தார் தேனின் சர்க்கரையில் உள்ள விகிதத்தையும், அதே தேனில் சிறிதளவு உள்ள புரதத்தின் விகிதத்தையும் ஒப்பிடுகிறார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வெளிச் சர்க்கரை புகுந்திருக்கிறது. கலப்படக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நெல்லும் சர்க்கரைக் கிழங்கும் ரப்பரைப்போன்ற இனத்தவை. அவற்றின் பாகு இச்சோதனையில் அகப்படாது. 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், சந்தைத் தேன்களில் பலவும் நுட்பமான காந்த அலைச் சோதனையில் தேறவில்லை என்று வெளியிட்டபோது நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. ஆனால் அவ்வளவு பெரிய சோதனை, பத்துப் பெட்டிக்காரருக்குத் தாங்கும் செலவன்று. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் ஊரின் பெயரைக் காக்குமேயன்றி ஒவ்வொரு சீசாவுக்கும் சாட்சி சொல்லாது.

வீட்டுச் சோதனைகளோ ஒன்றும் உதவா. எதிர்த்தெரு அம்மாளின் முன்னிலையிலேயே நாம் பரீட்சித்தோம். கெட்டியாகக் காய்ச்சிய வெல்லப் பாகில் திரியை நனைத்துக் கொளுத்தினோம், அழகாக எரிந்தது. நீர் மிகுந்த நல்ல தேன் வெடித்து அணைந்தது. திரி சொல்வது நீரின் அளவைத்தான். பாகும் தேனைப்போலவே தண்ணீரில் நூலாக இறங்கி அடியில் தங்கியது. எறும்போ இரண்டையும் பாரபட்சமின்றி மொய்த்தது.

உறைதலுக்கு வருவோம். தேனில் திராட்சைச் சர்க்கரை மிகுந்தால் அது மணியாகப் பிரியும். ரப்பர் தேன் அவ்வாறு விரைவில் உறையும் இனம். சீசாவைக் கை பொறுக்கும் வெந்நீரில், ஏறக்குறைய 40 டிகிரியில், ஒரு மணி நேரம் நிறுத்தினோம், கண்ணாடிபோல் தெளிந்தது. அதற்கு மேல் கொதிக்கவைத்தால் சர்க்கரை சிதைந்து வேறொரு பொருளாக மாறும்; அதுவும் ஆய்வில் தெரியும்.

பிறகு நம் கணக்கு நோட்டை அவரிடம் கொடுத்தோம். எந்தப் பெட்டி, என்று சீனி நிறுத்தப்பட்டது, எந்த அடைகள் அகற்றப்பட்டன, எந்நாள் எடுத்தது, நீர் எவ்வளவு என்ற விவரம் ஒவ்வொரு ஈட்டுக்கும் எழுதப்பட்டிருந்தது. அவருடைய சீசாவின் சீட்டில் '5-ம் பெட்டி, பங்குனி 9, நீர் 19' என்றிருந்தது. அம்மாள் நோட்டில் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். அடுத்த மாசியில் மூடிய அடையை நேரில் பார்க்கத் தோட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். போகும்போது, தெளிந்த சீசாவைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, "உறைந்தது குழந்தைகளுக்கு ரொட்டியில் தடவ வசதியாக இருந்திருக்கும், ஸார்! அவசரப்பட்டு உருக்கிவிட்டீர்களே" என்றார்.