உண்மை வட்டி ஏறினால் தங்கம் ஏன் இறங்குகிறது?

தங்கம் வட்டி தருவதில்லை. 100 கிராம் தங்கத்தைப் பெட்டகத்தில் பத்து ஆண்டுகள் பூட்டி வைத்தாலும் அது 100 கிராமாகவே இருக்கும். அதே பணத்தைக் கடன் பத்திரத்தில் போட்டிருந்தால் வட்டி கிடைத்திருக்கும். கைவிட்ட அந்த வட்டிதான் தங்கத்தை வைத்திருப்பதற்கான மறைமுகச் செலவு.

இந்தச் செலவைக் கணக்கிட, வட்டியிலிருந்து விலைவாசி உயர்வைக் கழிக்க வேண்டும். வட்டி 7 சதவீதம், விலைவாசி உயர்வு 5 சதவீதம் என்றால், 100 ரூபாய் ஓராண்டில் 107 ஆகிறது. 100 ரூபாய்ப் பொருளோ 105 ஆகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய 2 சதவீதம். இதுவே உண்மை வட்டி. விலைவாசி 9 சதவீதம் ஏறினால் உண்மை வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்போது வட்டி வாங்குபவரின் பணமே கரைவதால், தங்கம் வட்டி தராதது குறையாகத் தெரியாது. 1970களில் அமெரிக்காவில் வட்டி ஏறியபோதும் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதால் தங்கமும் ஏறியது.

உலகச் சந்தையில் தங்கத்தின் விலை டாலரில் சொல்லப்படுவதால், அமெரிக்க உண்மை வட்டியே முக்கியம். அந்நாட்டு அரசு ‘டிப்ஸ்’ என்ற பத்திரங்களை வெளியிடுகிறது. விலைவாசிக்கு ஏற்ப அவற்றின் அசல் உயரும். ஆகவே அவை தரும் வருவாய் விகிதமே உண்மை வட்டி.

2012 இறுதியில் பத்தாண்டு டிப்ஸ் வருவாய் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 0.7 சதவீதம். தங்கம் அவுன்ஸ் 1,650 டாலருக்கு மேல் இருந்தது. அமெரிக்க மத்திய வங்கி அப்போது வட்டியைத் தாழ்த்தி வைக்கப் பத்திரங்களை வாங்கிக் குவித்துவந்தது. 2013 மே 22 அன்று அதன் தலைவர் பென் பெர்னான்கி, இந்தக் கொள்முதல் குறையலாம் என்றார். பெரிய வாடிக்கையாளர் விலகக்கூடும் என்றதும் பத்திரங்களின் விலை சரிந்து வருவாய் ஏறியது. விலைவாசி எதிர்பார்ப்போ ஏறவில்லை. செப்டம்பருக்குள் உண்மை வட்டி 0.9 சதவீதத்தை எட்டியது. விலைவாசியை மிஞ்சிய வருவாய் அரசுப் பத்திரத்திலேயே கிடைத்ததால் முதலீட்டாளர்கள் தங்கத்தை விற்றார்கள். ஏப்ரலிலேயே சரியத் தொடங்கியிருந்த தங்கம், ஆண்டு இறுதியில் சுமார் 1,200 டாலருக்கு வந்தது. இந்தியாவில் ரூபாய் மதிப்பு வீழ்ந்து இறக்குமதி வரியும் உயர்ந்ததால், இங்கே அந்த அளவுக்கு விலை இறங்கவில்லை.

இந்தத் தொடர்பு எப்போதும் நிலைப்பதில்லை. 2022இல் அமெரிக்க உண்மை வட்டி 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் ஏறியும் தங்கம் பெரிதாக இறங்கவில்லை. ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு அந்த ஆண்டு முடக்கப்பட்டது. பல நாடுகளின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அவை தேடியது வட்டியை அல்ல, பிற நாடு முடக்க முடியாத சொத்தை. வட்டிக் கணக்குப் பார்த்து விற்பவர்களைவிட இத்தகையோர் அதிகம் வாங்கும் காலத்தில், உண்மை வட்டி ஏறினாலும் தங்கம் இறங்காமல் நிற்கும்.