போனஸுக்குச் சும்மா இருக்கலாம், உரிமைப் பங்குக்குக் கூடாது

ஒரு நிறுவனத்துக்கு 10 ரூபாய் முகமதிப்புள்ள 10 லட்சம் பங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பங்கு மூலதனம் 1 கோடி ரூபாய். பல வருட லாபத்தில் சேர்ந்த காப்பு நிதி 4 கோடி. சந்தையில் ஒரு பங்கின் விலை 300 ரூபாய். உங்களிடம் 100 பங்குகள்.

ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் என்று நிறுவனம் அறிவிக்கிறது. கணக்குப் புத்தகத்தில் நடப்பது ஒரே ஒரு பதிவுதான்: காப்பு நிதியிலிருந்து 1 கோடி எடுக்கப்பட்டு, பங்கு மூலதனத்தில் சேர்கிறது. மூலதனம் 2 கோடி, காப்பு நிதி 3 கோடி. கூட்டினால் அதே 5 கோடி. யாரும் பணம் கட்டவில்லை, நிறுவனத்தை விட்டும் பணம் போகவில்லை. பங்குகள் இரட்டிப்பாவதால் விலை ஏறத்தாழ 150-க்கு இறங்குகிறது. உங்கள் 100 பங்குகள் 200 ஆகின்றன. மதிப்பு அதே 30,000 ரூபாய்.

போனஸை எந்தப் பணத்திலிருந்தும் கொடுத்துவிட முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 63-ஆம் பிரிவு, சம்பாதித்துச் சேர்த்த காப்பு நிதி, பங்கை முகமதிப்புக்கு மேல் விற்றதில் வந்த பிரீமியம் போன்றவற்றிலிருந்து மட்டும் அனுமதிக்கிறது. நிலத்தின் மதிப்பை ஏட்டில் உயர்த்தி எழுதி, அந்த உயர்விலிருந்து போனஸ் தர முடியாது. டிவிடெண்டுக்குப் பதிலாகவும் தரக்கூடாது. ரெக்கார்டு தேதியில் பங்கு உங்கள் பெயரில் இருந்தால் போதும், போனஸ் தானாக டிமேட் கணக்குக்கு வந்துவிடும். கவனிக்காமல் இருந்தாலும் நஷ்டமில்லை.

உரிமைப் பங்கு அப்படியல்ல. அதே நிறுவனம் அடுத்த வருடம் விரிவாக்கத்துக்குப் பணம் திரட்ட, 4 பங்குக்கு 1 பங்கு என்று 100 ரூபாய் விலையில் 5 லட்சம் புதிய பங்குகளைத் தர முன்வருகிறது. சந்தை விலை இன்னும் 150. நான்கு பழைய பங்குகள் 600 ரூபாய், ஒரு புதிய பங்கு 100 ரூபாய். ஐந்துக்கு 700 என்றால் ஒரு பங்கு 140. விலை அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

உங்கள் 200 பங்குகளுக்கு 50 உரிமைகள். 5,000 ரூபாய் கட்டி வாங்கினால் 250 பங்குகள், 35,000 ரூபாய் மதிப்பு. போட்ட பணத்தைக் கழித்தால் பழைய 30,000 அப்படியே நிற்கிறது. ஒன்றும் செய்யாவிட்டால் 200 பங்குகள் 140 வீதம் 28,000. அந்த 2,000 ரூபாய், கட்டியவர்கள் பக்கம் போய்விட்டது. பணம் கட்ட வசதியில்லை என்றால் உரிமையையே விற்கலாம். ஒவ்வொன்றும் கணக்குப்படி 40 ரூபாய், மொத்தம் 2,000, இழப்பு சரியாகிவிடும். சந்தையில் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். முப்பதுக்குப் பணம் கட்டி, இருபதை விற்பதும் உண்டு.

2020 முதல் இந்த உரிமைகள் டிமேட் கணக்கில் RE என்ற குறியோடு தனி வரியாக வந்து நிற்கின்றன. பலர் அதையே பங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விற்கவும் இல்லை, பணமும் கட்டவில்லை என்றால், வெளியீடு முடிந்ததும் அந்த வரி காணாமல் போகும். விற்பதற்கான கெடுவும் முன்னதாகவே முடிகிறது. ரிலையன்ஸின் 2020 வெளியீட்டில் விண்ணப்பிக்க ஜூன் 3 வரை நேரமிருந்தது. உரிமைகளின் வர்த்தகம் மே 29-ஆம் தேதியே நின்றுவிட்டது.

பலர் விட்டுவிட்டால் மீதிப் பங்குகள் எங்கே போகும்? நம் கணக்கில் புரமோட்டர் கையில் பாதி, அதாவது 10 லட்சம் பங்குகள் இருக்கட்டும். அவர் தன் பங்கான 2.5 லட்சத்தை முழுதாக வாங்குகிறார். பொதுமக்கள் தங்கள் 2.5 லட்சத்தில் 1 லட்சத்தை மட்டுமே எடுக்கிறார்கள். மிச்சம் 1.5 லட்சம், கூடுதலாகக் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்குப் போகும். பெரும்பாலும் அப்படிக் கேட்டிருப்பவர் புரமோட்டர்தான். மொத்தம் 25 லட்சத்தில் அவர் கையில் இப்போது 14 லட்சம்: 50 சதவீதம் 56 ஆகிவிட்டது, அதுவும் சந்தையைவிடக் குறைந்த விலையில். உரிமைப் பங்கு அறிவிப்பில், விடுபடும் பங்குகளை யார் எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்ற பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன். எடுக்க ஆளே இல்லாமல் வெளியீட்டில் 90 சதவீதம்கூட நிரம்பாவிட்டால், பொதுவாகப் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். சில விலக்குகள் உண்டு.

ஒரேயொரு நிலையில் சும்மா இருப்பதே சரி: சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே விழும்போது. 2008 ஜூலையில் பிரிட்டனின் எச்.பி.ஓ.எஸ். வங்கி 275 பென்ஸ் விலையில் 400 கோடி பவுண்டு திரட்ட முயன்றது. கெடு முடியும்போது சந்தையிலேயே பங்கு அதைவிட மலிவாகக் கிடைத்தது. பங்குதாரர்கள் எடுத்தது 8.29 சதவீதம் மட்டுமே; மற்றதற்கு உத்தரவாதம் கொடுத்திருந்த மார்கன் ஸ்டான்லியும் டிரெஸ்ட்னர் கிளைன்வொர்ட்டும்தான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.