சுட்டெண் ஒப்பந்தங்களின் முதிர்வு நாள்: விலை அசைவுகளும் செயற்கட்டுப்பாடும்

பங்குச் சந்தையில் விலைகள் செய்திக்கேற்ப அசைகின்றன என்பது பொதுவான எடுகோள். ஆயின் சுட்டெண் மீதான தெரிவுரிமை ஒப்பந்தங்கள் முதிரும் நாளில் இவ்வெடுகோள் பெரிதும் தளர்ந்துவிடுகின்றது. அன்று எச்செய்தியுமின்றிச் சுட்டெண் ஒரு திசையிற் பாய்வதும், சில வேளை ஓர் எண்ணின் அருகே கட்டுண்டு நிற்பதும் உண்டு. இந்தியாவின் நிஃப்டிச் சுட்டெண்ணை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இதற்கான காரணத்தையும், வர்த்தகஞ் செய்வோன் அன்று தன் நடைமுறையை எங்ஙனம் கட்டுப்படுத்துதல் வேண்டும் என்பதையும் இங்கு நோக்குவோம்.

நிஃப்டி 25,000 புள்ளியில் நிற்கிறது எனக் கொள்வோம். 25,000இல் வாங்கும் உரிமையை ஒருவர் விற்கிறார். முதிர்வின்போது சுட்டெண் அதற்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவையும் அவர் பணமாகக் கொடுத்தல் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இவ்விடரைத் தாங்கிக்கொண்டிருப்பதில்லை. சுட்டெண்ணின் எதிர்கால ஒப்பந்தங்களை வாங்கி வைத்து அதனை ஈடு செய்துகொள்கின்றன. எவ்வளவு வாங்க வேண்டும் என்பதைக் காட்டும் விகிதமே டெல்டா. சுட்டெண் சரியாக 25,000இல் நிற்கையில் டெல்டா ஏறத்தாழ 0.50. எனவே 10,000 அலகு விற்றவர் 5,000 அலகை ஈடாக வைத்திருப்பார்.

இப்பொழுது சுட்டெண் 30 புள்ளி உயர்கிறது. ஆண்டு ஏற்ற இறக்கம் 12 சதவீதம் எனக் கொண்டு கணித்தால், முதிர்வுக்கு ஐந்து வர்த்தக நாட்கள் இருக்கும்போது டெல்டா 0.53 ஆகும். விற்றவர் மேலும் 280 அலகளவில் வாங்கினாற் போதும். அதே 30 புள்ளி உயர்வு முதிர்வு நாளன்று பிற்பகல் 2.30 மணிக்கு நிகழின் டெல்டா 0.69ஐ எட்டும். அவர் 1,900 அலகளவில், அதாவது ஏறத்தாழ ஏழு மடங்கு, உடனே வாங்கியாக வேண்டும். காலம் குறையக் குறைய முடிவு உறுதிப்படும் வேகம் கூடுவதே இதற்குக் காரணம். சந்தையார் இதனைக் காமா என்பர்.

அக்கொள்வனவு சுட்டெண்ணை மேலும் உயர்த்துகிறது. உயர்ந்த சுட்டெண் மேலும் கொள்வனவை வேண்டி நிற்கிறது. செய்தியற்ற பாய்ச்சல் இவ்வாறு தோன்றுகிறது. ஆனால் ஈடு செய்யும் நிறுவனங்கள் உரிமையை விற்றோராயன்றி வாங்கியோராயிருப்பின், அதே கணக்கு நேரெதிராக இயங்கும். அவர்கள் ஏறும்போது விற்பர், இறங்கும்போது வாங்குவர். சுட்டெண் 25,000ஐ விட்டு அகல இயலாது கட்டுண்டு கிடக்கும். ஆகவே ஒரே காரணம் இரு முரண்பட்ட விளைவுகளைத் தருகின்றது. நிலுவையிலுள்ள ஒப்பந்தங்களின் தொகை நாள்தோறும் வெளியிடப்படுகிறதெனினும், ஈடு செய்வோர் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதை அத்தொகை சொல்வதில்லை. அதைக்கொண்டு முதிர்வு நாளின் திசையை முன்னறியலாம் என்போரை நாம் நம்புவதற்கில்லை.

இந்நெருக்கம் ஆதாயத்துக்குரிய களமாகவும் ஆகலாம். 2024 ஜனவரி 17ஆம் திகதி வங்கி நிஃப்டியின் வாராந்த முதிர்வு நாள். இந்திய ஒழுங்குமுறை வாரியமான செபி 2025 ஜூலை 3ஆம் திகதி பிறப்பித்த இடைக்கால ஆணையின்படி, ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் அன்று முற்பகல் ஏறத்தாழ 4,370 கோடி ரூபாவுக்கு வங்கிப் பங்குகளையும் எதிர்கால ஒப்பந்தங்களையும் வாங்கிச் சுட்டெண்ணைத் தாங்கியது; அதே வேளை, சுட்டெண் வீழ்ந்தால் ஆதாயந் தரும் தெரிவுரிமை நிலைகளைப் பன்மடங்காகக் கட்டியது; பின்னர் வாங்கியவற்றை விற்றது. பங்கு, எதிர்கால ஒப்பந்தங்களில் ஏறத்தாழ 61 கோடி நட்டம். தெரிவுரிமையில் ஏறத்தாழ 734 கோடி இலாபம். குழுமம் இக்குற்றச்சாட்டை மறுத்ததுடன் மேன்முறையீடும் செய்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், விலை என்பது தானே அசையும் பொருளன்று, மனிதர் செய்துகொண்ட கடப்பாடுகளின் வெளித்தோற்றம் என்பதனை இக்கணக்கு வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. மறுபக்கத்தில் நின்றோர் யாவர் என்பதையும் மறத்தலாகாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்தியாவின் எதிர்கால, தெரிவுரிமைச் சந்தையில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்பது 2024 செப்டெம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின் முடிவு.

இத்தனிநபர் வழமையாகத் தவறுமிடம் ஒன்றுண்டு. முதிர்வு நாளன்று பிற்பகலில் உரிமையின் விலை மலிந்திருக்கும். மேற்கூறிய கணக்கில் 2.30 மணிக்கு அது ஏறத்தாழ 25 ரூபா. ஐந்து நாள் முன்னர் 170 ரூபா வரை இருந்தது. விலை ஏழிலொன்றாகிவிட்டதென ஏழு மடங்கு வாங்கத் தோன்றும். அவ்வாறு வாங்கியவர் ஏழு மடங்கு காமாவையும், ஒப்பந்தமொன்றுக்கு முன்னரே கூடியிருந்த ஏழு மடங்கையும் சேர்த்துப் பெறுகிறார். ஆதலால் நடைமுறையின் முதற்கட்டுப்பாடு செலவிடும் பணத்தின் மீதன்றி, 30 புள்ளி அசைவுக்கு நிலை எவ்வளவு மாறும் என்பதன் மீது அமைதல் வேண்டும். வழமையான நாளின் மாற்றத்தையே எல்லையாகக் கொள்ளின், அலகுகளின் எண்ணிக்கையை ஏழிலொன்றாகக் குறைக்க நேரும். அது ஓர் ஒப்பந்தத்தினும் குறைவாயின், அன்று வாளாவிருத்தலே விடை.

இரண்டாவது, கடைசி அரைமணி. 2025இல் நடைமுறையிலிருந்த விதிப்படி, முதிர்வுக்குரிய இறுதிக் கணக்குப் பார்க்கப்பட்டது 3.30 மணியின் கடைசி விலையிலன்று, 3.00 முதல் 3.30 வரை நிகழ்ந்த வர்த்தகத்தின் சராசரி விலைகளிலிருந்து பெறப்பட்ட சுட்டெண்ணிலாகும். மணி 3.20 எனவும், அதுவரையிலான சராசரி 24,980 எனவும், அப்போதைய சுட்டெண் 25,040 எனவும் கொள்வோம். வர்த்தகம் சீராக நடந்ததாகக் கருதினால், எஞ்சிய பத்து நிமிடமும் சுட்டெண் 25,040இலேயே நிற்பினும் இறுதிச் சராசரி 25,000 மட்டுமே. திரையிற் பார்ப்பவருக்கு 25,000 உரிமை 40 ரூபா பெறுமதியுடையதாகத் தெரியும். சந்தையில் அது சில ரூபாவுக்கே விலைபோகும். இதனை மலிவெனக் கருதி வாங்குவோர் பலர். எனவே அன்று முதிரும் நிலைகளை 3.00 மணிக்கு முன்னரே முடித்துவிடுவதும், அதற்குப் பின் புதியன தொடங்காதிருப்பதும் விதியாதல் வேண்டும். முடிக்க இயலாதவிடத்து, வைத்திருப்பவர் திரையின் எண்ணையன்றி, திரண்டுவரும் சராசரியையே ஒப்புநோக்குதல் தகும்.

கணினியாற் செயற்படும் நடைமுறையில் இன்னொரு வழு நேர்வதுண்டு. முதிர்வு நாளை வாரத்தின் கிழமையாக எழுதிவைப்பதே அது. தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டியின் முதிர்வு 2025 செப்டெம்பரில் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. விடுமுறை குறுக்கிடின் முந்திய வர்த்தக நாளுக்கு அது நகரும். ஒப்பந்தத்தில் உள்ள முதிர்வுத் திகதியை நாள்தோறும் வாசித்து ஒப்பிடுவதே வழி. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் வேறொரு நாளில் முதிர்வதையும் அந்நடைமுறை அறிந்திருத்தல் நலம். இரு சுட்டெண்களிலும் பெரும் பங்குகள் பொதுவானவை ஆதலின், ஒன்றன் நெருக்கடி மற்றதிலும் தெரியும். அன்றைய பிற்பகல் விலைகளைத் திசை காட்டும் சான்றாகப் பின்னைய கணிப்புகளிற் சேர்ப்பதும் தவிர்க்கப்படல் வேண்டும்.

விற்போர்க்கு மேலும் ஒரு சுமை உண்டு. 2024 நவம்பரிலிருந்து, முதிர்வு நாளன்று விற்ற சுட்டெண் உரிமைகளுக்கு மேலதிகமாக 2 சதவீதப் பிணைப்பணத்தைச் செபி விதித்தது. முதல்நாள் மாலையே அத்தொகையைக் கணக்கிற் சேர்க்காதவருடைய நிலையை, தரகர் தமக்கு வாய்த்த விலையில் மூடிவிடக்கூடும். அவ்விலை பெரும்பாலும் நாம் மேலே விவரித்த பாய்ச்சலின் உச்சியாகவே இருக்கும்.