எல்லாப் பாதைகளும் சேர்ந்து வரையும் நேர்கோடு

விசை எதுவும் செயல்படாத துகள் நேர்கோட்டில் மாறாத வேகத்தில் செல்லும் என்பது நியூட்டனின் முதல் விதி. குவாண்டம் இயற்பியலில் அதே துகளுக்கு ஒற்றைப் பாதை கிடையாது. புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடத்துக்கு எத்தனை வழிகள் வரைய முடியுமோ, வளைந்தவை, ஒடிந்தவை, சுற்றிக்கொண்டு போகிறவை உட்பட அத்தனையும் கணக்கில் சேரும். பால் டிராக் 1933-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த எண்ணத்தின் விதை இருந்தது. அதை முழுக் கணக்கீட்டு முறையாக வளர்த்தவர் ரிச்சர்ட் ஃபெயின்மன். 1942-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் தொடங்கி, 1948-இல் விரிவான கட்டுரையாக அவர் அதை வெளியிட்டார். பாதைகளின் கூட்டுத்தொகை என்று அழைக்கப்படும் அந்த முறைக்கு மிக எளிய சோதனைக் களம், விசையற்ற துகள்தான்.

விதி இதுதான். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு அம்புக்குறி உண்டு. எல்லா அம்புகளும் ஒரே நீளம். திசை மட்டும் மாறும். திசையைத் தீர்மானிப்பது அந்தப் பாதையின் ‘ஆக்‌ஷன்’ என்ற அளவு. விசையற்ற துகளுக்கு, பயணம் முழுக்க ஒவ்வொரு கணத்திலும் உள்ள இயக்க ஆற்றலை அந்தக் கணத்தின் கால அளவால் பெருக்கிக் கூட்டினால் ஆக்‌ஷன் கிடைக்கும். அதை ħ என்னும் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வருவது அம்பு சுழன்றிருக்கும் கோணம். எல்லா அம்புகளையும் ஒன்றன் நுனியில் அடுத்ததை வைத்துக் கூட்டி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு அம்பு வரைந்தால், அதன் நீளத்தின் வர்க்கம் துகள் அங்கே வந்து சேரும் நிகழ்தகவைத் தரும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. நேர்ப்பாதையின் அம்பு மற்றவற்றைவிட நீளமானது அல்ல. இயற்கை அதற்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. பிறகு நேர்கோடு எப்படி வெல்கிறது என்பதை ஒரே ஒரு ஒடிவு கொண்ட பாதைகளை மட்டும் எடுத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

துகளின் நிறை m, பயண நேரம் T. பாதி நேரம் முடியும்போது அது நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் d தொலைவு விலகியிருக்கிறது. மீதிப் பாதியில் திரும்பி வந்து இலக்கை அடைகிறது. முன்னோக்கிய வேகம் மாறவில்லை. கூடுதலாகச் சேர்ந்தது 2d/T என்ற பக்கவாட்டு வேகம் மட்டும். இரண்டும் செங்குத்தாக இருப்பதால் பிதாகரஸ் தேற்றப்படி வேகங்களின் வர்க்கங்கள் கூடுகின்றன. ஆகவே நேர்ப்பாதையைவிட இந்தப் பாதையின் ஆக்‌ஷன் கூடுதலாக இருக்கும் அளவு:

2md²/T

இதில் d அல்ல, d-யின் வர்க்கம் வருகிறது. விஷயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. d சிறியதாக இருக்கும்வரை அம்பு ஏறக்குறைய அசைவதே இல்லை. பெரிதாகிவிட்டால் அசுர வேகத்தில் சுழலத் தொடங்குகிறது.

ஓர் எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 280 வோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கப்பட்டால் அது விநாடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகம் பெறும். 1 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். நடுவழியில் 1 மைக்ரோமீட்டர் விலகிய பாதையின் அம்பு, நேர்ப்பாதையின் அம்பிலிருந்து சுமார் 10 டிகிரி மட்டுமே திரும்பியிருக்கும். 2 மைக்ரோமீட்டரில் 40 டிகிரி. 4 மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டும்போதுதான் அது அரைச்சுற்றுச் சுற்றி எதிர்த்திசையைப் பார்க்கும். எனவே நேர்கோட்டை ஒட்டிய இந்த மெல்லிய குழாய்க்குள் உள்ள அம்புகள் ஓரளவு ஒரே பக்கம் பார்த்து, கூடக்கூட வளர்கின்றன.

1 மில்லிமீட்டர் விலகிய இடத்தில் நிலைமை வேறு. அங்கே அம்பு 27,000 முறைக்கு மேல் சுற்றியிருக்கிறது என்பது முக்கியமல்ல. அங்கிருந்து வெறும் 18 நானோமீட்டர் தள்ளிப்போனாலே அது இன்னொரு முழுச்சுற்றுச் சுற்றிவிடுகிறது என்பதுதான் முக்கியம். அக்கம்பக்கத்துப் பாதைகளின் அம்புகள் எல்லாத் திசைகளையும் காட்டி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அம்புகளைத் தொடர்ந்து அடுக்கினால் வரும் படமும் இதைக் காட்டும்: நடுவில் நீண்ட சாய்வான தண்டு, இரு முனைகளிலும் இறுகிச் சுருளும் வளையங்கள். ஒளியியல் மாணவர்கள் இதைக் கோர்னு சுருள் என்று அறிவார்கள்.

விலகிய பாதைகள் இல்லாமல் போய்விடவில்லை. நடுவழியில் ஒரு தடுப்பை வைத்து, சில மைக்ரோமீட்டரைவிடக் குறுகிய பிளவை மட்டும் திறந்துவிட்டால், ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த அம்புகள் வெட்டப்படுகின்றன. எலக்ட்ரான் கற்றை நேரே போகாமல் விரிகிறது. 1961-இல் ஜெர்மனியின் டியூபிங்கனில் கிளாஸ் யோன்சன் மிக நுண்ணிய பிளவுகளின் வழியே எலக்ட்ரான்களை அனுப்பி, இத்தகைய அலைக்கோலங்களைப் பதிவுசெய்தார்.

இனி எலக்ட்ரானுக்குப் பதிலாக 1 மில்லிகிராம் எடையுள்ள மணல் துகள். பயண நேரம் 1 விநாடி. அரைச்சுற்றுக்குத் தேவையான விலகல் இப்போது 10⁻¹⁴ மீட்டர் அளவு, அதாவது ஒரு கனமான அணுக்கருவின் குறுக்களவு. அதற்கு வெளியே உள்ள எல்லாமே அழிந்துபோகிறது. நாம் நேர்கோடு என்று அழைப்பது இந்தக் குழாயைத்தான். மறுமுனையில், அணுவுக்குள் எலக்ட்ரானின் இயக்கத்துக்குரிய நேரமான 10⁻¹⁶ விநாடியைப் போட்டுப் பார்த்தால், அங்கே விசை உண்டென்றாலும் தோராயமாக, குழாயின் அகலம் அணுவின் அகலமாகவே வருகிறது. அணுவுக்குள் சுற்றுப்பாதை என்ற சொல் ஏன் பொருளிழக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் கிடைப்பது அரிது.

ஒரே ஒடிவு என்பது நமது வசதிக்காக. முழுக்கணக்கில் நேரத்தை மேலும் மேலும் நுண்ணிய துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் துகள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கூட்ட வேண்டும். துண்டின் நேரம் நான்கில் ஒரு பங்கானால் அதற்குள் அனுமதிக்கப்படும் விலகல் பாதியாகத்தான் குறைகிறது. ஆகவே துண்டுக்குள் வேகம் இரட்டிப்பாகிறது. நுணுகிப் பார்க்கப் பார்க்க பாதை கரடுமுரடாகிக்கொண்டே போகும். எந்தப் புள்ளியிலும் திட்டமான வேகம் இருக்காது. குழாய்க்குள் கூட்டுத்தொகையை ஆள்பவை வழவழப்பான கோடுகள் அல்ல, இத்தகைய பாதைகளே.

கூட்டி முடித்தால் கிடைக்கும் விடை முதலில் திகைக்க வைக்கும். புறப்பட்ட புள்ளி துல்லியமாகத் தெரிந்தால், மொத்த அம்பின் நீளம் எல்லா இடங்களிலும் ஒன்றே! துகள் எங்கும் சம வாய்ப்புடன் இருக்கும். இது பிழையல்ல. இடம் முற்றிலும் துல்லியமானால் உந்தத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எந்த வேகத்திலும் அது கிளம்பியிருக்கலாம். இடத்துக்கு இடம் மாறுவது அம்பின் கோணம் மட்டுமே. x தொலைவில் அது mx²/2ħT. x-ஐச் சற்று நகர்த்தும்போது இந்தக் கோணம் மாறும் வீதம் mx/ħT. X/T என்பது வேகம் ஆதலால் இது உந்தத்தை ħ-ஆல் வகுத்ததற்குச் சமம், டி பிராய் சொன்ன அலைநீளத்துக்கான உறவேதான்.

ஆகவே நியூட்டனின் இயக்கத்தைப் பெற, தொடக்கத்தையும் நியூட்டனுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்: இடத்தில் சிறிது பரவல், உந்தம் ஏறக்குறைய p. இப்படிப்பட்ட அலைப்பொதியில், தொடக்கப் புள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் வரும் அம்புகள் ஒத்திசைவது, கடந்த தொலைவு pT/m ஆக இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டுமே. அது மாறாத வேகத்தில் நகரும் புள்ளி. பொதி காலப்போக்கில் விரியவும் செய்கிறது. அணு அளவுப் பரவலுடன் விடப்பட்ட எலக்ட்ரானின் பொதி 3 × 10⁻¹⁶ விநாடியில் இருமடங்காகிவிடும். 1 மைக்ரோமீட்டர் பரவலுடன் விடப்பட்ட அந்த மணல் துகளின் பொதி இருமடங்காக, வேறெதுவும் அதைத் தொடாதிருந்தால், சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆகும்.