பத்து இலட்சமும் ஐந்து திட்டங்களும்

ஒரு நெல் அரவை ஆலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இவ்வாண்டு முதலீடு செய்ய அதன் உரிமையாளரிடம் 10 இலட்சம் ரூபாய் இருக்கிறது, அதற்குமேல் இல்லை. அவர் முன் ஐந்து திட்டங்கள் உள்ளன. ஐந்துமே இலாபம் தருபவை. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ஐந்துக்கும் சேர்த்து 30 இலட்சம் வேண்டும். சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் பங்கீடு இருப்பதுபோல, இங்கே பணத்துக்கே பங்கீடு வந்துவிட்டது. நிதியியலில் இதனை 'மூலதனப் பங்கீடு' என்பர்.

முதலில் ஒவ்வொரு திட்டத்தின் பயனையும் இன்றைய மதிப்பில் கணக்கிட வேண்டும். ஆலையின் மூலதனச் செலவு ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொள்வோம். அப்படியானால் அடுத்த ஆண்டு வரும் 110 ரூபாயும், இரண்டாம் ஆண்டு முடிவில் வரும் 121 ரூபாயும், இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். எடைமேடையைப் பாருங்கள். அதற்கு 4 இலட்சம் செலவாகும். முதலாண்டில் 2,86,000 ரூபாயும், இரண்டாம் ஆண்டில் 2,42,000 ரூபாயும் வரும். இவற்றின் இன்றைய மதிப்பு 2,60,000, 2,00,000. ஆக 4,60,000. இதில் முதலீட்டைக் கழித்தால் 60,000 மிஞ்சும். இதுவே நிகர இன்றைய மதிப்பு. கழிப்பதற்குப் பதிலாக 4,60,000ஐ 4,00,000ஆல் வகுத்தால் 1.15 கிடைக்கும். இதுவே இலாபக் குறியீட்டெண். முதலீடாகும் ஒவ்வொரு ரூபாயும் இன்றைய மதிப்பில் ஒரு ரூபாய் பதினைந்து காசாகத் திரும்புகிறது என்பது இதன் பொருள்.

மற்றவற்றையும் இவ்வாறே கணக்கிட்டால் கிடைப்பது இது (தொகைகள் இலட்சத்தில்):

| திட்டம் | முதலீடு | நிகர இன்றைய மதிப்பு | குறியீட்டெண் |
|---|---|---|---|
| புதிய அரவைப் பிரிவு | 10 | 2.50 | 1.25 |
| நெல் உலர்த்தி | 6 | 2.40 | 1.40 |
| உமிக் கொதிகலன் | 5 | 1.75 | 1.35 |
| நிறம் பிரிக்கும் பொறி | 5 | 1.60 | 1.32 |
| எடைமேடை | 4 | 0.60 | 1.15 |

நிகர மதிப்பு எதற்கு மிகுதி என்று மட்டும் பார்ப்பவர் புதிய அரவைப் பிரிவைத் தேர்ந்தெடுப்பார். அது பத்து இலட்சத்தையும் விழுங்கிவிட்டு 2.50 இலட்சம் தரும். இங்கே தட்டுப்பாடு பணத்துக்கு. ஆகவே ரூபாய்க்கு எவ்வளவு என்பதே சரியான கேள்வி. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லோரி, லியோனார்ட் சாவேஜ் இருவரும் 1955இல் மூலதனப் பங்கீட்டுச் சிக்கல்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது.

குறியீட்டெண் வரிசைப்படி போனால் முதலில் உலர்த்தி. 4 இலட்சம் மீதி. அடுத்து நிற்பது கொதிகலன். அதற்கு 5 இலட்சம் வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு கொதிகலனை வாங்க முடியுமானால் 2.40உடன் 1.40 சேர்ந்து 3.80 இலட்சம் கிடைக்கும். பங்குபோட்டு முதலிடக்கூடிய திட்டங்களில் இந்த வரிசைமுறை தவறவே தவறாது. கொதிகலனை அறுத்து வாங்க இயலாதே! நிறம் பிரிக்கும் பொறிக்கும் பணம் போதாது. எனவே மீதி 4 இலட்சத்தில் எடைமேடையை வாங்குகிறோம். மொத்தம் 3.00 இலட்சம்.

இப்போது உலர்த்தியை விட்டுவிடுங்கள். கொதிகலனும் நிறம் பிரிக்கும் பொறியும் சேர்ந்து சரியாக 10 இலட்சம். நிகர மதிப்பு 3.35 இலட்சம்! முதலிடம் பெற்ற திட்டத்தை ஒதுக்கியதால் 35,000 ரூபாய் கூடியிருக்கிறது. உலர்த்தியில் குறையில்லை. அது விட்டுச்சென்ற 4 இலட்சத்தைக் குறைந்த பயனுள்ள எடைமேடையில் போட நேர்ந்ததே காரணம்.

ஆகவே குறியீட்டெண்ணைத் தொடக்கமாகக் கொண்டு, பிறகு வரவுசெலவுக்குள் அடங்கும் தொகுதிகளைச் சரிபார்க்க வேண்டும். ஐந்து திட்டங்களில் எதையும் எடுக்காமல் விடுவதையும் சேர்த்து 32 தொகுதிகளே உண்டு. ஒரு தாளில் முடித்துவிடலாம். இருபது திட்டங்களானால் பத்து இலட்சத்துக்கும் மேல். அதற்குக் கணிப்பொறி வேண்டும். நாம் கண்ட 3.80 அங்கேயும் உதவும். முழுத் திட்டங்களால் ஆன எந்தத் தொகுதியும் அந்த எல்லையைத் தாண்டாது என்பதால், கிடைத்த விடை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளந்துகொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு திட்டம் அடுத்த ஆண்டும் பணம் கேட்டு, அடுத்த ஆண்டுக்கும் வரம்பு இருந்தால், இந்த ஒற்றை எண் போதாது. இரண்டு வரம்புகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உரிமையாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. வரம்பு 11 இலட்சமானால் உலர்த்தியையும் கொதிகலனையும் ஒருசேர வாங்கலாம். நிகர மதிப்பு 4.15 இலட்சம். அதாவது கூடுதலான ஒரு இலட்சத்தால் 80,000 ரூபாய் கூடுகிறது. வெளியே அந்த ஒரு இலட்சத்தை அதிக வட்டிக்கு வாங்கினாலும், வழக்கமான 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டிச் சுமை இன்றைய மதிப்பில் 80,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை அவருக்கு நட்டமில்லை.