ஜனவரி 19 முதல் வேறு மிஸ்

"தவிர்க்க இயலாத காரணங்களால் 2-பி வகுப்பாசிரியை மாற்றப்படுகிறார். பெற்றோர் ஒத்துழைக்கவும்."

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு வகுப்பு வாட்ஸாப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்து விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் எல்லோருக்கும் தெரியும். ஐந்தே நிமிடத்தில் 'ஏன்?' என்று ஒருவர் கேட்பார். 'சம்பளப் பிரச்சினையாம்' என்பார் இன்னொருவர். பேச்சு அங்கிருந்து நழுவி, நான்கு அம்மாக்கள் மட்டும் உள்ள தனிக் குழுவுக்குப் போகும். அப்புறம் சமையலறைக்கு வரும். தூங்கிவிட்டதாக எல்லோரும் நினைத்த ஏழு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்.

திங்கட்கிழமை காலை அதற்கு வயிறு வலிக்கும்.

கல்வியாண்டின் நடுவில் வகுப்பாசிரியர் மாறுவது அரிதல்ல. பேறுகால விடுப்பு, இடமாறுதல், கணவருக்கு வேறு ஊரில் வேலை, உடல்நலக் குறைவு என்று காரணங்கள் பல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேரி ஹென்றி, கிறிஸ்டோபர் ரெட்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளித் தரவுகளை அலசிப் பார்த்தார்கள். ஆண்டு முடிவில் ஆசிரியர் விலகுவதைவிட நடுவில் விலகுவதே மாணவர் படிப்பைக் கூடுதலாகப் பாதிப்பதாகக் கண்டார்கள். மாற்றத்தைத் தடுப்பது பெரும்பாலும் தலைமையாசிரியர் கையில் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது.

அங்கேதான் சறுக்கல். ஒரே செய்தியில் பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்துத் தேற்றிவிடலாம் என்று பள்ளிகள் நினைக்கின்றன. இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. பெற்றோருக்கு யார், எந்தத் தேதி, பாடம் எங்கே நிற்கிறது என்ற விவரம் வேண்டும். பிள்ளைக்கு எதெல்லாம் மாறாது என்று தெரிய வேண்டும். 'கவலை வேண்டாம்' என்ற சொல் இருவருக்குமே உதவாது. கவலைப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் அது காதில் விழும்.

ஒரு தனியார் பள்ளியின் இரண்டாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். மிஸ்ஸுக்கு மார்ச் தொடக்கத்தில் பிரசவம். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பொங்கல் விடுமுறையோடு சேர்த்து விடுப்பில் போவதென்று அவர் முடிவு செய்கிறார். வகுப்பில் அவரது கடைசி நாள் ஜனவரி 13. ஜனவரி 19 திங்கட்கிழமை புது மிஸ் பொறுப்பேற்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஜனவரி 19-இலிருந்து 26 வாரம் என்றால் ஜூலை மூன்றாம் வாரம். அதற்குள் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். ஆகவே 'மிஸ் சீக்கிரம் வந்துடுவாங்க' என்று சொல்லித் தேற்றுவது நல்ல மனதோடு சொல்லும் பொய். மிஸ் பள்ளிக்கு வருவார், இந்த வகுப்புக்கு வரமாட்டார். ஏழு வயதுப் பிள்ளை பிப்ரவரி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது, யாருக்கு எப்போது சொல்வது. பிள்ளைகளுக்கு முந்தின நாளே பெற்றோருக்குச் சொன்னால் செய்தி சமையலறை வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஒரு நாள் தள்ளிச் சொன்னால் 'மிஸ் போறாங்களாம்' என்ற அரைகுறைச் செய்தியோடு பிள்ளை வீடு வந்து சேரும். இரண்டும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். இந்த வயதுக்கு ஒரு வார அவகாசம் போதும். ஒரு மாதம் முன்பே சொன்னால் அந்த மாதம் முழுக்க அதே கேள்விதான். எனவே ஜனவரி 7, புதன்கிழமை. நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். கடைசி பீரியட் கூடாது. அழுகிற பிள்ளை அழுதபடியே வேன் ஏறக் கூடாது அல்லவா? கேள்வி கேட்க, மூக்கைச் சிந்த, மறந்துபோய் விளையாட ஒன்றரை மணி நேரமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

சொல்ல வேண்டியவர் முதல்வர் அல்ல, போகிற மிஸ்ஸேதான். புது மிஸ் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"மிஸ் வயித்துல பாப்பா இருக்குன்னு உங்களுக்கெல்லாம் தெரியும்ல? பாப்பா வரப்போகுது. அதனால பொங்கல் லீவு முடிஞ்சு நீங்க வரும்போது நான் வீட்ல இருப்பேன். உங்க கிளாஸ் மிஸ் இவங்கதான். லைப்ரரி பீரியட்ல கதை சொல்வாங்களே, அவங்களேதான். உங்க இடம் மாறாது. ஸ்டார் சார்ட் இதே சுவத்துலதான் இருக்கும், வாங்கின ஸ்டார் ஒண்ணுகூடக் குறையாது. நீங்க தேர்ட் ஸ்டாண்டர்ட் போனப்புறம் நான் ஸ்கூலுக்கு வருவேன். அப்ப என்னைப் பார்க்கலாம்."

இவ்வளவுதான். இதற்கு மேல் பேசினால் மிஸ்ஸே அழுதுவிடுவார். பெரியவர்கள் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று பின் வரிசையிலிருந்து வரக்கூடும்: "நாங்க சத்தம் போட்டதாலயா மிஸ்?" தன்னைச் சுற்றி நடக்கும் எதற்கும் தானே காரணம் என்று நினைக்கும் வயது அது. யாரும் கேட்காவிட்டாலும் "நீங்க எதுவும் பண்ணல" என்ற வாக்கியத்தை மிஸ் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளிடம் பேச்சு நடக்கும் நேரத்திலேயே பெற்றோர் கைபேசிக்குக் கடிதம் போகிறது. இப்படி இருக்கலாம், பெயர் வர வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறோம்.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். 2-பி வகுப்பாசிரியை ........ பேறுகால விடுப்பில் செல்கிறார். வகுப்பில் அவரது கடைசி நாள் ஜனவரி 13. ஜனவரி 19 முதல் ........ வகுப்பாசிரியையாக இருப்பார். இவர் நான்கு ஆண்டுகளாக நம் பள்ளியில் கற்பிக்கிறார். இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு நூலக வகுப்பு எடுப்பதால் ஏற்கெனவே பழக்கமானவர். நாளை முதல் 13-ஆம் தேதி வரை இருவரும் சேர்ந்தே வகுப்பில் இருப்பார்கள். வகுப்பறை, இருக்கை, கால அட்டவணை, வேன் நேரம், தேர்வுத் தேதி எதுவும் மாறவில்லை. இன்று மதியம் வகுப்பாசிரியையே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டார். மருந்து, கண்ணாடி, அழைத்துச் செல்பவர் பற்றிப் புதிய ஆசிரியை அறிய வேண்டியது இருந்தால், தாளில் எழுதி மூடிய உறையில் கொடுத்தனுப்புங்கள். ஜனவரி 24, சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை அவரை நேரில் சந்திக்கலாம். அதற்கு முன் ஏதேனும் கேட்க வேண்டுமானால் அலுவலகத்தை அழையுங்கள். விடுப்பில் இருப்பவரை அழைக்க வேண்டாம். அவர் ஜூலையில் பள்ளிக்குத் திரும்புவார். அப்போது பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருப்பார்கள்."

இந்தக் கடிதத்தில் புது மிஸ்ஸைப் பற்றி 'மிகச் சிறந்த', 'அனுபவம் மிக்க' என்ற அடைமொழி எதுவும் இல்லை. அப்படிப் புகழ்ந்தால் பழையவர் சரியில்லையோ என்று பெற்றோர் யோசிப்பார்கள். நான்கு ஆண்டு, நூலக வகுப்பு என்ற இரண்டு தகவல் போதும். காரணத்தை எழுதும் முன் போகிறவரின் சம்மதமும் வாங்கியிருக்க வேண்டும். நோயோ குடும்பச் சிக்கலோ, பள்ளியோடு மனக்கசப்போ காரணமாக இருந்தால், 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார்' என்று ஒரே வரியில் நிறுத்திக்கொள்ளலாம். அது வதந்தியை முழுதாக நிறுத்தாது. ஆனால் 'தவிர்க்க இயலாத' என்ற மர்மம் அதில் இல்லை.

கடிதம் சொன்னதை நிஜமாக்குவது, இருவரும் சேர்ந்து இருக்கும் அந்தச் சில நாட்கள். பழைய மிஸ் ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதி ஒப்படைக்கிறார். கண்ணாடி போட்டவள், முதல் பெஞ்ச். இவனுக்கு வீசிங், இன்ஹேலர் பையின் முன் ஜிப்பில். இவள் பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கவே மாட்டாள், பதினோரு மணிக்கு நாமே அனுப்ப வேண்டும். இவனுக்கு அம்மா இல்லை; 'அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா' என்று சொல்லிவிடக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் இதெல்லாம் இருக்காது. நோட்டு மேசை இழுப்பறையில் பூட்டப்பட வேண்டியது. படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாதது.

அரசுப் பள்ளியில் நிலவரம் வேறு. பணி நிரவல், மாற்றுப்பணி என்று ஆணை வந்தால் ஓரிரு நாளில் ஆசிரியர் கிளம்ப வேண்டியிருக்கும். 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் வந்தபோது, மாணவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுது போகவிடாமல் மறித்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. மாறுதல் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. நெகிழ்ச்சியான காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அன்று அங்கே பொறுப்பேற்க வந்து நிற்கும் இன்னொரு ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்த முகத்தோடு கரும்பலகைப் பக்கம் போவார்?

இத்தகைய அவசரத்தில் நீண்ட கடிதத்துக்கு நேரமில்லை. கைபேசியைப் பார்க்காத பெற்றோரும் உண்டு. மாலையில் தலைமையாசிரியர் வாசலில் நின்று, அழைத்துப்போக வருகிறவர்களிடம் பெயரையும் தேதியையும் வாயால் சொல்வதும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் அன்றே சொல்லிவைப்பதும் நடக்கக்கூடியவை. முதல் மூன்று வகுப்புகள் என்றால், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எந்தப் பிள்ளை அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்ற பட்டியல் கைமாறினாலே பாதி வேலை முடிந்தது. அது இல்லாவிட்டால் புது ஆசிரியர் அரும்புப் பிள்ளையை எழுப்பி மலர்ப் பாடத்தைப் படிக்கச் சொல்வார். அந்தப் பிள்ளை அன்றோடு அவரிடம் வாய் திறக்காது.

எல்லாம் சரியாக நடந்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். காலையில் வயிற்று வலி, டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்புவது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி வருவது. மூன்று வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் பள்ளிக்குப் போய்ப் பேச வேண்டும். அதுவரை வீட்டில் ஒரு கேள்வியைத் தவிர்த்தால் போதும். "புது மிஸ் நல்லா நடத்துறாங்களா?" என்று கேட்டால், பழைய மிஸ்ஸை விட்டுக்கொடுக்க மனமில்லாத பிள்ளை 'இல்ல' என்றுதான் சொல்லும். "இன்னிக்கு நோட்டெல்லாம் யார் கலெக்ட் பண்ணாங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். "நான்தான்! மிஸ் என்னைத்தான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று பதில் வந்தால், அது எந்த மிஸ் என்று பெயர் சொல்லாமலே பிள்ளை பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள்.